மழை மறைவுப் பகுதி: மூணாறில் நனைந்து சின்னாறில் காய்வது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மறையூர்க்காரன். கேரளத்தின் இடுக்கி மாவட்டம்தான், ஆனால் தண்ணீர் ஓடுவது தமிழ்நாட்டுப் பக்கம். எங்கள் வீட்டில் கரும்பு வைத்திருக்கிறோம். ஆனி, ஆடியில் மூணாறு போய்விட்டு வருகிறவர்களும், உடுமலைப்பேட்டையிலிருந்து ஏறி வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மூணாறில் குடையில்லாமல் இறங்க முடியவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி மறையூரில் வெயிலடிக்கிறது. அதெப்படி?

இரண்டுக்கும் நடுவே மலை முகடு நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வந்து, மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஏறும்போது குளிர்கிறது, ஈரம் மழையாகிறது. முகட்டைத் தாண்டியதும் அதே காற்று எங்கள் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகும். சூடான காற்றில் மேகம் நிற்காது. இவ்வளவுதான் சங்கதி.

பேருந்தில் வந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூணாறை விட்டுக் கிளம்பும்போது வைப்பர் ஓயாமல் ஆடும். வாகுவரை, தலையாறு தாண்டும்போது மழை சாரலாகும். லக்கம் அருவிக்குக் கீழே வந்தபின் ஓட்டுநர் வைப்பரை நிறுத்திவிடுவார். தேயிலை முடிந்து சந்தனக் காடு தொடங்கும். மறையூரைத் தாண்டிச் சின்னாறு சோதனைச் சாவடிக்கு இறங்கினால் உடைமரமும் கள்ளியும்தான். மூணாறில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சின்னாறுக் காட்டின் தாழ்ந்த பகுதிகளில் சுமார் 500 மில்லிமீட்டர். ஒரே மாவட்டம், ஒரே சாலை.

மலை மேகத்தைத் தடுத்து நிறுத்திவிடுகிறது என்று பள்ளியில் படித்தோமே?

அந்த ஒரு வரிதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் என்பேன். மலை எதையும் மடக்கி வைப்பதில்லை. காற்று தாண்டித்தான் வருகிறது. எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை ஆடி மாதம் உடுமலைப்பேட்டைப் பக்கம் நின்று பார்த்தால் தெரியும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் மழை மறைவில் வாழ்ந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். காற்றாலைகள் அங்கே வரிசையாக நிற்பதும் அதே காற்றை நம்பித்தான்.

மழையை உண்டாக்குவது காற்று மேலே ஏறுவது. மழையைக் கெடுப்பது காற்று கீழே இறங்குவது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கேள்விகள் எளிது.

அப்படியென்றால் காற்றிலிருந்த தண்ணீர் முழுவதும் மேற்கே கொட்டித் தீர்ந்துவிடுகிறது, சரிதானே?

இல்லை, தீர்வதே இல்லை. பலருக்கு நம்பக் கடினமான இடம் இதுதான். அதனால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

கடற்கரையில் 28 டிகிரி வெப்பத்தில் காற்று இருக்கிறது. அதன் ஈரப்பதம் 80 சதவீதம். அப்படிப்பட்ட ஒரு கிலோ காற்றில் ஏறக்குறைய 19 கிராம் நீராவி இருக்கும். இது மலையேறத் தொடங்குகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. மேகம் பிடிக்கும்வரை ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் 10 டிகிரி அளவில் குறையும். நம் காற்று சுமார் 500 மீட்டரில் 23 டிகிரிக்கு வந்துவிடும். அந்தக் குளிரில் 19 கிராமுக்கு மேல் நீராவியைத் தாங்க முடியாது. அங்கேதான் மேகத்தின் அடிப்பாகம்.

அதற்கு மேல் கதை மாறுகிறது. நீராவி துளியாகும்போது வெப்பத்தை வெளியே விடும். தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்ட வெப்பம்தான் அது, இப்போது திரும்பிவருகிறது. அதனால் காற்று மெதுவாகத்தான் குளிரும். நம் ஊர் ஈரக் காற்றுக்கு 1000 மீட்டருக்கு 4 அல்லது 5 டிகிரி. முகடு 2000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உச்சியில் காற்று 16 டிகிரியில் இருக்கும். அந்த வெப்பத்தில் அது தாங்கக்கூடியது 14 அல்லது 15 கிராம். மீதி 5 கிராம் மட்டும்தான் மழையாக விழுந்திருக்கிறது. அதாவது, கால் பங்கு.

இப்போது இறக்கம். மேகம் கலைந்தபின் காற்று மறுபடி 1000 மீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடாகும். மறையூர் ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வரும்போது 26 டிகிரி. சின்னாறு சாவடியை 450 மீட்டர் என்று வைத்தால் அங்கே 31 டிகிரிக்கு மேல். மேற்குச் சரிவில் இதே 450 மீட்டரில் காற்று 24 டிகிரிகூட இல்லை. ஏறும்போது மெதுவாகக் குளிர்ந்தது, இறங்கும்போது வேகமாகச் சூடாகிறது. அந்த வித்தியாசம்தான் 7, 8 டிகிரியாக நிற்கிறது.

நீராவி இன்னும் 14 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனால் 31 டிகிரிக் காற்று 30 கிராம்வரை தாங்கும். ஆக, ஈரப்பதம் மறையூரில் 60 சதவீதம், சின்னாறில் 50-க்கும் கீழே. பைக்குள் இருக்கும் சாமான் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. பை மட்டும் பெரிதாகிவிட்டது.

அந்தக் கணக்கு அப்படியே நடக்குமா?

அப்படியே நடக்காது. விழ வேண்டிய துளியில் ஒரு பகுதி மேகமாகவே முகட்டைத் தாண்டி வரும். இறங்கும்போது அது மறுபடி ஆவியாக வேண்டும், அதற்கு வெப்பம் செலவாகும். அதனால் உண்மையில் நம் பக்கம் கணக்கில் வந்ததைவிடக் கொஞ்சம் குளிராக இருக்கும். இன்னொன்று, தரையோரம் வரும் காற்று முழுவதும் மலையேறிவிடுவதில்லை. ஒரு பகுதி பக்கவாட்டில் ஒதுங்கிக் கணவாய் வழியாகப் போகும். வழியில் அக்கம்பக்கக் காற்றும் கலக்கும். எண்கள் முன்பின் ஆகலாம். ஏறும் பக்கம் குளிர் ஈரம், இறங்கும் பக்கம் சூடு வறட்சி என்ற திசை மாறாது.

முகட்டில் வெள்ளைச் சுவர் மாதிரி மேகம் நிற்கிறது. இவ்வளவு காற்றடித்தும் ஏன் நகர்ந்து நம் பக்கம் வரவில்லை?

நிற்பது மாதிரித் தெரிகிறது, நிற்கவில்லை. அருவியைத் தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைத் துணி தொங்குவது போல அசையாமல் இருக்கும். ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த மேகமும் அப்படித்தான். மேற்கு ஓரத்தில் புதுத் துளிகள் பிறந்துகொண்டே இருக்கும், கிழக்கு ஓரத்தில் இறங்கும் துளிகள் ஆவியாகி மறைந்துகொண்டே இருக்கும். மறையூருக்கு மேலே இருக்கும் காந்தளூரிலிருந்து ஒரு பத்து நிமிடம் அதன் கீழ் ஓரத்தையே பாருங்கள். துண்டு துண்டாகப் பிய்ந்து இறங்கும் மேகம் கொஞ்ச தூரத்திலேயே கரைந்து காணாமல் போகும்.

மழை மறைவை அடையாளம் காண இதைவிட நல்ல சாட்சி கிடையாது. காற்று மேற்கிலிருந்து வேகமாக அடிக்க வேண்டும், முகட்டில் மேகச் சுவர் நகராமல் இருக்க வேண்டும், உங்கள் தலைக்கு மேலே வானம் வெளுத்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால் நீங்கள் மறைவில்தான் நிற்கிறீர்கள்.

சாரல் மட்டும் வருகிறதே, அது என்ன?

முகட்டைத் தாண்டியும் முழுதாக ஆவியாகாத துளிகள். காற்று வேகமாக இருக்கும் நாளில் துளிகள் விழுவதற்குள் சில கிலோமீட்டர் தள்ளி வந்துவிடும். மழை மறைவு என்பது சுவர் வைத்த மாதிரி ஒரே கோட்டில் தொடங்குவதில்லை, படிப்படியாக மங்குகிறது. காந்தளூர் மறையூரைவிட உயரத்தில், முகட்டை ஒட்டி இருப்பதால் சாரல் கூடுதலாகப் பிடிக்கும். கீழே போகப் போகக் குறையும்.

குற்றாலச் சாரலும் இந்த வகைதான். குற்றாலம் மலைக்குக் கிழக்கே இருக்கிறது, ஆனாலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரக்காற்று நுழைவதால் ஆனி, ஆடியில் அங்கே நனைய முடிகிறது. கொட்டும் மழைக்கும் முகடு தாண்டி வரும் தூறலுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

பாலக்காட்டில் மலையே இல்லை, கணவாய்தான். அப்புறம் ஏன் கோயம்புத்தூரில் மழை குறைவு?

நல்ல கேள்வி. மலை மேகத்தைத் தடுக்கிறது என்ற பேச்சு இந்த இடத்தில்தான் உடைகிறது. கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஈரக்காற்று தாராளமாக உள்ளே வருகிறது. அதனால்தான் ஜூன், ஜூலையில் கோவை குளுகுளுவென்றிருக்கும், மேகம் ஓடிக்கொண்டே இருக்கும், தூறலும் விழும். ஆனால் அந்தக் காற்றை மேலே தூக்கிவிட அங்கே ஒன்றுமில்லை. தூக்காமல் மழை இல்லை. தடுக்க ஆளில்லாத இடத்திலும் மழை குறைவாக இருப்பது, தூக்குவதுதான் முக்கியம் என்பதற்குச் சாட்சி.

மாநில எல்லைதான் மழைக்கும் எல்லையா? கேரளா என்றால் பச்சை, தமிழ்நாடு என்றால் வறட்சி?

எல்லையை மனிதன் போட்டான், மழைக்கு முகடுதான் எல்லை. சின்னாறு கேரளத்தில் இருக்கிறது, முள்காடு. வால்பாறை தமிழ்நாட்டில் இருக்கிறது, அதற்குப் பக்கத்துச் சின்னக்கல்லாறு தென்னிந்தியாவிலேயே அதிகம் நனையும் இடங்களில் ஒன்று. அட்டப்பாடியிலும் இதையே பார்க்கலாம். முக்காலிப் பக்கம் நல்ல மழைக்காடு, கிழக்கே அகளி, சோலையூர் தாண்டினால் காய்ந்த குன்றுகள்.

ஆற்றைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கேரளத்தில் மேற்கே ஓடும் ஆறுகள் 41, கிழக்கே ஓடுபவை மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. எங்கள் பாம்பாறு சின்னாற்றோடு சேர்ந்து அமராவதி அணைக்குப் போகிறது. அதாவது, நாங்கள் இருப்பது காவிரிப் படுகையில். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டிஎம்சியில் 3 டிஎம்சி பாம்பாற்றுக்கு.

மழையில்லாத ஊரில் கரும்பு எப்படி விளைகிறது?

வானத்திலிருந்து நேராக வருவதில்லை, மலையிலிருந்து ஓடிவருகிறது. முகட்டை ஒட்டிய சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மழையையும் மூடுபனியையும் பிடித்து வைத்து, ஓடைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அந்த ஓடைகளை வாய்க்காலில் திருப்பித்தான் மறையூர்க் கரும்புத் தோட்டங்கள் நிற்கின்றன. கரும்புக்கு வேண்டிய வெயில் மழை மறைவால் கிடைக்கிறது, தண்ணீர் மழை பெய்யும் முகட்டிலிருந்து கிடைக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கொப்பரைக்கு அடியில் எரிப்பது காய்ந்த கரும்புச் சக்கைதான். மூணாறு மழையில் சக்கையைக் காய வைக்க முடியுமா? இங்கே ஆடியிலும் களத்தில் பரப்பி வைக்கலாம்.

சின்னாறுக் காட்டுக்குள் பாம்பாறு விழும் அருவிக்குப் பெயர் தூவானம். மழையே அரிதான காட்டில் தூறலின் பெயரோடு ஓர் அருவி. அந்தத் தண்ணீரும் மேலே பெய்ததுதான்.

சந்தனம் இங்கே ஏன் தானாக முளைக்கிறது?

சந்தனத்துக்கு நடுத்தர மழை போதும், வேரடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. மூணாறு அதற்கு அதிக ஈரம், சின்னாறின் தாழ்ந்த பகுதி அதிக வறட்சி. நடுவே உள்ள எங்கள் சரிவு பொருந்திவிட்டது. சந்தனம் பக்கத்து மரங்களின் வேரைக் கவ்விச் சத்து எடுக்கும் மரம் என்பதால், அக்கம்பக்கம் கலப்புக் காடும் வேண்டும்.

அப்போ உங்களுக்கு மழை எப்போதுதான் வரும்?

ஐப்பசி, கார்த்திகை. காற்று வடகிழக்குக்குத் திரும்பியதும் ஈரம் வங்கக்கடலிலிருந்து வருகிறது. அப்போது எங்கள் கிழக்குச் சரிவுதான் காற்றை எதிர்கொள்ளும் பக்கம். மறைவு இடம் மாறிவிடுகிறது. மழை மறைவு ஓர் ஊருக்கு நிரந்தரமாக ஒட்டிய முத்திரை இல்லை, எந்தக் காற்றுக்கு மறைவு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் ஐப்பசியில் கேரளத்தின் மேற்குப் பக்கம் காய வேண்டுமே என்று உடனே கேட்பீர்கள். காய்வதில்லை, அங்கே துலாவர்ஷம் என்று மதியத்துக்கு மேல் இடியோடு பெய்கிறது. இடிமழைக்கு மலையேற வேண்டிய அவசியம் இல்லை. வெயிலில் தரை சூடாகி, காற்று தானாகவே செங்குத்தாக மேலெழும். சித்திரையில் எங்களுக்குக் கிடைக்கும் கோடை மழையும் அதே வகை. காற்று மலையேறிப் பெய்யும் மழைக்குத்தான் மறைவு உண்டு, இடிமழைக்கு அவ்வளவாகக் கிடையாது.

இடுக்கிக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றார்கள். மறையூரில் ஒரு சொட்டு இல்லை. வானிலைக்காரர்கள் பொய் சொல்கிறார்களா?

பொய் இல்லை, அளவு பெரியது. எச்சரிக்கை மாவட்டத்துக்கு மொத்தமாக வருகிறது. மழை மறைவோ இருபது, முப்பது கிலோமீட்டருக்குள் நடந்து முடிந்துவிடும் விஷயம். இந்திய வானிலை ஆய்வுத் துறை மழையைக் கட்டம் கட்டமாகத் தொகுத்துத் தரும் தரவில்கூட ஒரு கட்டம் கால் டிகிரி, அதாவது ஏறக்குறைய 27 கிலோமீட்டர். ஒரே கட்டத்துக்குள் நனைந்த முகடும் காய்ந்த பள்ளத்தாக்கும் சேர்ந்து விழுந்தால் சராசரி இரண்டுக்கும் பொருந்தாது. கைபேசிச் செயலிகள் காட்டும் மழைக்கும் இதே குறை உண்டு.

ஒரு வருடம் அப்படி ஓர் எச்சரிக்கையை நம்பி, காயப்போட்ட சக்கையை எல்லாம் நானும் என் தம்பியும் ராத்திரியோடு ராத்திரியாக அள்ளிக் கொட்டகையில் அடைத்தோம். மறுநாள் நல்ல வெயில். அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் எச்சரிக்கையை அடியோடு தள்ளவும் கூடாது. மேலே கொட்டினால் நம் ஓடையில் வெள்ளம் வரும், வெயிலடிக்கும் ஊரிலும் வரும். ஆடியில் வானம் வெளுத்திருக்கிறது என்று பாம்பாற்றில் குளிக்க இறங்குகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறோம்.

காட்டை வெட்டியதால்தான் சின்னாறு இப்படி ஆனதாமே?

சின்னாறின் வறட்சிக்கு மலையின் அமைப்புதான் காரணம். அங்கே இருக்கும் முள்காடு கெட்டுப்போன மழைக்காடு இல்லை, அதன் இயல்பே அதுதான். நட்சத்திர ஆமைகள் அங்கே வாழ்வதும் அந்த வறட்சியில்தான். பச்சையாக்குகிறேன் என்று யாராவது கிளம்பினால் அவற்றுக்குத்தான் ஆபத்து. மேலே முகட்டுச் சோலைகளை அழித்தால் கெடுவது வேறு: பெய்த மழை தங்காமல் ஓடிவிடும், கோடையில் ஓடை வற்றும். வட்டவடை, காந்தளூர்ப் பக்கம் யூகலிப்டஸ் தோட்டங்களைப் பற்றி விவசாயிகள் சண்டை போடுவது இதற்காகத்தான்.

ராஜஸ்தான் பாலைவனமும் இதே காரணத்தாலா?

இல்லை. ஆரவல்லி மலை அரபிக்கடல் காற்று போகும் திசையிலேயே நீண்டு கிடக்கிறது, குறுக்கே நிற்கவில்லை. அதனால் காற்றைப் பெரிதாகத் தூக்குவதும் இல்லை, இறக்குவதும் இல்லை. மழை மறைவுக்கு மலை காற்றுக்குக் குறுக்கே நிற்க வேண்டும். அர்ஜென்டினாவின் பட்டகோனியா அப்படிப்பட்டது: மேற்கே ஆண்டிஸ், கிழக்கே வறண்ட சமவெளி.

மழையிலிருந்து மறைந்திருப்பதால்தான் மறையூர் என்று பெயரா?

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஊரில் சொல்லும் கதை வேறு. வனவாசத்தில் பாண்டவர்கள் மறைந்திருந்த ஊர் என்பார்கள் பெரியவர்கள். பாறைமேட்டில் இருக்கும் முனியறைகளையும் அவர்களோடு சேர்த்துச் சொல்வார்கள். அவை உண்மையில் பெருங்கற்காலத்துக் கல்லறைகள்.